கூட்டினா பன்னெண்டுக்கு பதிமூணு வருது: ஒரு உயில், அதாவது வில் டிராஃப்ட்டை சரி பார்த்த கதை

கேள்வி: லாயர் தம்பிக்கு வணக்கம். நான் டர்பன் சாட்ஸ்வர்த்ல இருக்கேன், வயசு 63, இன்னும் ஃபாக்டரி வேலைக்கு போயிட்டுதான் இருக்கேன். 1986ல கல்யாணம், ஹோம் அஃபேர்ஸ்ல பதிவு பண்ணினது, காண்ட்ராக்ட் எதுவும் எழுதல. பாபு, பேபி, சின்னவன்னு மூணு பிள்ளைங்க. சின்னவன் தவறிட்டான், அவனுக்கு ரெண்டு பொண்ணுங்க, ரெண்டும் ஸ்கூல் போகுதுங்க. நான் சொல்லச் சொல்ல பேபி கையால வில் எழுதினா, இதோட அனுப்பியிருக்கேன். வீட்டுல பாதி சம்சாரத்துக்கு, மூணுல ஒரு பங்கு பாபுவுக்கு, மாடி ரூம் கட்டினது அவன்தான், கால் பங்கு பேபிக்கு. பேங்க் பணத்துல பாபு 33%, பேபி 33%, பேரப்பிள்ளைங்க 33%, அதுலயே கோயிலுக்கு 50,000 ராண்ட். பிராவிடண்ட் ஃபண்ட் முழுசும் சம்சாரத்துக்கு. வீடு 12 லட்சம் ராண்ட் போகும்னு ஏஜென்ட் சொல்றார், பேங்க்ல 4 லட்சம் இருக்கு. சம்சாரம் கடைசி வரைக்கும் இந்த வீட்டிலயே இருக்கணும், சின்னவன் பிள்ளைங்க தவிச்சு நிக்கக் கூடாது. மருமகனும் பக்கத்து வீட்டுக்காரரும் சாட்சி போட ரெடியா இருக்காங்க. பங்கு எல்லாம் சரியா வருதான்னு பார்த்து சொல்லுப்பா.

பதில்: வணக்கம் ஐயா. முதல்ல ஒண்ணு, இந்த பேப்பர்ல கையெழுத்து போட்டுடாதீங்க, யாரையும் சாட்சி போட விடவும் வேண்டாம். ஏன்னு பின்னால சொல்றேன். பங்கு விஷயத்தை முதல்ல எடுத்துக்கலாம், நீங்க கேட்டதே அதைத்தான்.

வீட்டை பன்னெண்டு துண்டா நினைச்சுக்கோங்க. பாதின்னா ஆறு துண்டு, மூணுல ஒண்ணுன்னா நாலு துண்டு, கால்னா மூணு துண்டு. ஆறும் நாலும் மூணும் கூட்டினா பதிமூணு. இருக்கிறதோ பன்னெண்டு. ராண்ட்ல சொன்னா 6 லட்சம், 4 லட்சம், 3 லட்சம், ஆக 13 லட்சம், வீடு போறது 12 லட்சம். பாதி, மூணுல ஒண்ணு, கால் இது மூணும் ஒரே வில்லில பக்கத்துல பக்கத்துல வந்தாலே நான் பேனாவை எடுத்துடுவேன், வாயால சொல்லும்போது சரியா இருக்கிற மாதிரி காதுக்கு கேட்கும், கூட்டி பார்த்தா இடிக்கும். சதவீதத்துல எழுதறவங்களுக்கு இந்த தப்பு சீக்கிரம் கண்ணுல பட்டுடும், பின்னத்துல எழுதறவங்களுக்குத்தான் படாது.

உங்க விஷயத்துல இதைவிட பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு, அது கூட்டல்ல இல்ல, எதோட பங்குங்கிறதுல இருக்கு. நீங்க 1986ல பதிவு கல்யாணம் பண்ணி, அதுக்கு முன்னாடி ஆன்டிநப்ஷியல் காண்ட்ராக்ட் எதுவும் எழுதலன்னா, சவுத் ஆப்பிரிக்கா சட்டப்படி உங்க கல்யாணம் கம்யூனிட்டி ஆஃப் ப்ராப்பர்ட்டில நடந்த கல்யாணம். அப்படின்னா டைட்டில் டீட்ல யார் பேர் இருந்தாலும் சரி, பேங்க் அக்கவுண்ட் உங்க ஒருத்தர் பேர்ல இருந்தாலும் சரி, எல்லாத்துலயும் பாதி இன்னைக்கே உங்க சம்சாரம் அம்மாவோடது. அந்த பாதியை நீங்க வில்லில யாருக்கும் குடுக்கவும் முடியாது, அம்மாவுக்கே குடுக்கறேன்னு எழுதவும் முடியாது, ஏற்கனவே அவங்களோடது அது. உங்க வில் பேசக்கூடியது உங்க பாதியைப் பத்தி மட்டும்தான், அதாவது வீட்டுல 6 லட்சம், பேங்க்ல 2 லட்சம், மொத்தம் 8 லட்சம் ராண்ட். கோயில்ல தாலி கட்டினதோட விட்டுட்டு பதிவு பண்ணாதவங்களுக்கும், காண்ட்ராக்ட் எழுதிட்டு கல்யாணம் பண்ணினவங்களுக்கும் கணக்கு வேற மாதிரி போகும், அதனால யாரா இருந்தாலும் முதல் வேலையா மேரேஜ் சர்டிஃபிகேட்டை எடுத்து வச்சுக்கிட்டு உட்காரணும்.

இப்போ உங்க வரியை திரும்ப படிங்க. 'வீட்டுல பாதி சம்சாரத்துக்கு'. இது அம்மாவுக்கு ஏற்கனவே இருக்கிற பாதியை சொல்லுதா, இல்ல உங்க பாதிக்குள்ள இன்னொரு பாதியை குடுக்கறீங்களா? முதல் அர்த்தம்னா பாபுவுக்கு 4 லட்சம், பேபிக்கு 3 லட்சம், ஆக 7 லட்சம், உங்க கையில இருக்கிறது 6 லட்சம். ரெண்டாவது அர்த்தம்னா உங்க 6 லட்சத்துல அம்மாவுக்கு 3 லட்சம், பாபுவுக்கு 2 லட்சம், பேபிக்கு ஒன்றரை லட்சம், ஆக ஆறரை லட்சம். எப்படி படிச்சாலும் மிஞ்சிப் போகுது, அதுலயும் பாபுவுக்கு ஒரு படிப்புல 4 லட்சம், இன்னொரு படிப்புல 2 லட்சம். நீங்க இல்லாத காலத்துல பாபு ஒரு மாதிரி படிப்பார், அம்மா ஒரு மாதிரி படிப்பாங்க, ரெண்டு பேரும் பொய் சொல்ல மாட்டாங்க, ரெண்டு பேருக்கும் அப்பா சொன்னதா அப்படித்தான் ஞாபகம் இருக்கும். வில் படி சொத்தை பிரிச்சு குடுக்கிற எக்ஸிக்யூட்டர் தன் இஷ்டத்துக்கு ஒரு அர்த்தத்தை எடுத்துக்கிட்டு, எஸ்டேட் கணக்கை சரி பார்க்கிற மாஸ்டர் ஆபீஸ்க்கு கணக்கு குடுத்தா, அது மக்கள் பார்வைக்கு வைக்கிற சமயத்துல மத்தவங்க ஆட்சேபம் போடலாம். குடும்பமா உட்கார்ந்து எழுத்துல ஒத்துப்போனா தப்பிச்சோம், இல்லன்னா ஹைகோர்ட்தான், அதுக்கு ஆகுற செலவு இதே 6 லட்சத்துல இருந்துதான் போகும்.

பேங்க் பணத்துக்கு வரேன். மூணு 33% கூட்டினா 99%. ஒரு சதவீதம் யாருக்கும் இல்லாம நிக்குது. உங்க பாதி 2 லட்சத்துல அது 2,000 ராண்ட், சின்ன தொகைதான். ஆனா உங்க வில்லில 'மீதி எல்லாம் இன்னாருக்கு'ன்னு ஒரு வரியே கிடையாது. அதனால அந்த 2,000மும், வில்லில நீங்க சொல்லாம விட்ட காரும், நகையும், வீட்டு சாமானும், வில் எழுதாம செத்தவங்க சொத்து மாதிரி 1987ஆம் வருஷத்து இன்டெஸ்டேட் சக்ஸஷன் ஆக்ட் படி போகும். அந்த சட்டத்துல மனைவிக்கு ஒரு பிள்ளைக்கு வர்ற பங்கு அல்லது 2,50,000 ராண்ட், எது பெருசோ அது, மிச்சம் இருந்தாத்தான் பிள்ளைங்களுக்கு. ஆக உங்க விஷயத்துல அது எல்லாம் அம்மாவுக்குத்தான் போகும். போகட்டும்னு நீங்க சொல்லலாம், ஆனா ஒரே எஸ்டேட்டுக்கு பாதி வில் படியும் மீதி சட்டப்படியும் கணக்கு எழுதற வேலையை எதுக்கு எக்ஸிக்யூட்டர் தலையில வைக்கணும்.

அந்த 99%க்குப் பிறகு கோயிலுக்கு 50,000 ராண்ட், அதுவும் 'அதுலயே' இருந்துன்னு எழுதியிருக்கீங்க. 66,000 வீதம் மூணு பங்கு 1,98,000, அதோட 50,000 சேர்த்தா 2,48,000. உங்க பணம் 2 லட்சம். கோயிலுக்கு முதல்ல எடுத்துட்டு மீதில 33 சதவீதமா, இல்ல மொத்தத்துல 33 சதவீதமா? சதவீதமும் முழு தொகையும் ஒரே குடத்துல இருந்து எடுக்கிற மாதிரி எழுதினா, எது முன்னாடி எது பின்னாடின்னு சொல்லியே ஆகணும்.

இன்னும் ஒரு விஷயம், நீங்க எழுதின பேங்க் பணம் அப்படியே பிள்ளைங்க கைக்கு வராது. கடன், ஆஸ்பத்திரி பில், எக்ஸிக்யூட்டர் ஃபீஸ் எல்லாம் முதல்ல போகும். வில்லில வேற தொகை எழுதாம விட்டா எக்ஸிக்யூட்டருக்கு டாரிஃப் எஸ்டேட் சொத்தோட மொத்த மதிப்புல 3.5%, 16 லட்சத்துக்கு போட்டா 56,000 ராண்ட். லாயரோ பேங்கோ எக்ஸிக்யூட்டரா இருந்தா இதை பேசி குறைக்கலாம், கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே பேசுங்க. பாபு மாதிரி வீட்டு ஆள் யாராவது எக்ஸிக்யூட்டரா இருந்து ஃபீஸ் வேண்டாம்னாலும் வேலையை செய்து குடுக்கிற லாயருக்கு ஏதாவது குடுக்க வேண்டி வரும். வீட்டை உடைச்சு செலவுக்கு குடுக்க முடியாது, அதனால ரொக்கத்துல இருந்துதான் எல்லாம் போகும்னு மனசுல வச்சுக்கிட்டு பங்கு பிரிக்கணும்.

பிராவிடண்ட் ஃபண்ட் வரியை அப்படியே அடிச்சுடலாம். நீங்க வேலையில இருக்கும்போதே தவறிட்டா, அந்த பணம் யாருக்குன்னு முடிவு பண்றது பென்ஷன் ஃபண்ட்ஸ் ஆக்ட் 37சி பிரிவு படி ஃபண்டோட ட்ரஸ்டிங்கதான், உங்களை நம்பி இருந்தவங்க யார் யாருன்னு விசாரிச்சு பிரிச்சு குடுப்பாங்க. வில் அதை கட்டுப்படுத்தாது. ஃபாக்டரி எச்ஆர்ல நாமினேஷன் ஃபார்ம் இருக்கும், அதை புதுப்பிச்சு குடுங்க, சின்னவன் பேர் இன்னும் அதுல இருந்தா எடுத்துட்டு அவர் பிள்ளைங்க பேரை போடுங்க. ட்ரஸ்டிங்க ஃபார்ம்ல இருக்கிறபடியே குடுத்துடணும்னு இல்ல, ஆனா அவங்க முதல்ல எடுத்து பார்க்கிற காகிதம் அதுதான். ரிட்டயர் ஆகி பணம் உங்க கைக்கு வந்து பேங்க்ல போட்ட பிறகு அது சாதாரண பேங்க் பணம், அப்போ அது உங்க வில்லுக்குள்ள வந்துடும், அதுலயும் பாதி அம்மாவோடது.

இனி பேர் விஷயம். 'பேரப்பிள்ளைங்க 33%'னு எழுதியிருக்கீங்களே, உங்க மனசுல சின்னவனோட ரெண்டு பொண்ணுங்கதான் இருந்திருக்கும். ஆனா நீங்க கடைசி பக்கத்துல எழுதிக் குடுத்த குடும்ப லிஸ்ட்டை பார்த்தா பாபுவுக்கு ரெண்டு, பேபிக்கு ஒண்ணு, ஆக உங்களுக்கு அஞ்சு பேரப்பிள்ளைங்க. வில்லில பேரப்பிள்ளைங்கன்னு இருந்தா அஞ்சு பேரும் வாரிசுதான். 66,000 ராண்ட் அஞ்சா பிரிஞ்சா ஆளுக்கு 13,200, சின்னவன் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து 26,400. ரெண்டா பிரிஞ்சா ஆளுக்கு 33,000. ஒரு வார்த்தையை சும்மா விட்டதுல அந்த பிள்ளைங்களுக்கு பாதிக்கு மேல போயிடுது. இதை சரி பண்றேன்னு சில பேர் 'பாபு, பேபி, சின்னவன் பிள்ளைங்க எல்லாருக்கும் சமமா'ன்னு எழுதுவாங்க, அதுவும் ஆபத்துதான், சமம்னா மூணு பங்கா இல்ல நாலு பேருக்கு நாலு பங்கான்னு கேள்வி வரும். பங்கு எத்தனைன்னு எண்ணை எழுதணும், ஒவ்வொரு பங்குக்கும் கீழ யார் பேர்னு எழுதணும், ரெண்டு பேர் சேர்ந்து ஒரு பங்குன்னா அவங்களுக்குள்ள எப்படி பிரியுதுன்னும் எழுதணும்.

பேபி விஷயம் இன்னும் கஷ்டம். வீட்டு பத்தியில 'பேபி'ன்னு மட்டும் இருக்கு. அதே குடும்ப லிஸ்ட்டுல உங்க தங்கச்சி மகளையும் பேபின்னுதான் எழுதியிருக்கீங்க. நம்ம வீடுகள்ல ஐடியில ஒரு பேர், வாயில ஒரு பேர், ஸ்கூல்ல இன்னொரு பேர். சர்நேம் வேற கிளார்க் காதுல எப்படி விழுந்ததோ அப்படி பதிவாகி, அண்ணன் தம்பிக்குள்ளயே எழுத்து மாறி இருக்கும், சில வீட்டுல தாத்தா பேர் ஒருத்தருக்கு சர்நேம், அப்பா பேர் இன்னொருத்தருக்கு சர்நேம்னு இருக்கும். பொண்ணுங்களுக்கு கல்யாணத்துக்கு பிறகு சர்நேம் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். அதனால பேரை மட்டும் நம்பாதீங்க, ஐடி நம்பரையும் சேர்த்து எழுதுங்க. நீங்க எழுதித்தான் இருக்கீங்க, நல்லது, ஆனா பேபி நம்பர்னு நீங்க எழுதினது பேபியோடது இல்ல.

எப்படி கண்டுபிடிச்சேன்னு சொல்றேன், இதை நீங்களே வீட்டுல மத்தவங்க நம்பருக்கும் பண்ணி பார்க்கலாம். நம்ம ஐடி நம்பர் 13 இலக்கம். முதல் ஆறு இலக்கம் பிறந்த வருஷம், மாசம், நாள். ஏழாவது இலக்கம் 0ல இருந்து 4 வரைக்கும் இருந்தா பொம்பளை, 5ல இருந்து 9 வரைக்கும் இருந்தா ஆம்பளை. உங்க மகள் 1990ல பிறந்தவங்கன்னு லிஸ்ட்ல இருக்கு, நீங்க எழுதின நம்பரோ 87ல ஆரம்பிக்குது, ஏழாவது இலக்கம் 5. அது மருமகன் நம்பரா இருக்கும்னு நினைக்கிறேன், ரெண்டு பேர் ஐடி காப்பியும் ஒரே பேப்பர்ல இருந்திருக்கும். நம்பரை வாயால சொல்லி எழுதாதீங்க, காப்பியை பக்கத்துல வச்சு ஒருத்தர் பின்னால இருந்து முன்னால படிக்க இன்னொருத்தர் டிக் பண்ணட்டும், அப்போதான் ரெண்டு இலக்கம் இடம் மாறியிருந்தாலும் மாட்டும்.

வில்லோட முதல் பக்கத்துலயே ஒவ்வொருத்தர் பேரையும் ஐடியில இருக்கிற அதே ஸ்பெல்லிங்ல முழுசா எழுதி, ஐடி நம்பர், உங்களுக்கு என்ன உறவு, 'இவரை இனிமேல் பாபு என்று குறிப்பிடுகிறேன்'னு ஒரு வரி போட்டுடுங்க. அதுக்கு அப்புறம் எல்லா பத்திலயும் அந்த ஒரே பேர்தான் வரணும். ஒரு பத்தில மூத்த மகன், இன்னொரு பத்தில பாபு, மூணாவதுல முழு பேர்னு மாத்தி மாத்தி எழுதினா, அது மூணு ஆளான்னு சந்தேகப்படறதுக்கு நாமே வழி பண்ணி குடுக்கிறோம். உங்க சொந்த பேரையும் பாருங்க, டைட்டில் டீட்ல ஒரு எழுத்து, ஐடியில ஒரு எழுத்துன்னு இருந்தா ரெண்டையும் சொல்லி ரெண்டும் நான்தான்னு எழுதுங்க. வீட்டுக்கும் பேர் இருக்கு, ரோடு நம்பர் மட்டும் போதாது, டைட்டில் டீட்ல இருக்கிற மனை நம்பர், அதாவது எர்ஃப் நம்பர், போர்ஷன் நம்பரை அப்படியே எழுதுங்க. கோயிலுக்கும் பதிவு பண்ணின முழு பேர் இருக்கும், 'எங்க கோயில்'னா எந்த கோயில்னு மாஸ்டர் ஆபீஸ்க்கு தெரியாது, கமிட்டி செக்ரட்டரிகிட்ட கேட்டு வாங்குங்க.

பேர்லயே இன்னொரு சரிபார்ப்பு இருக்கு, முதல்ல சொன்னேனே, கையெழுத்து வேண்டாம்னு, அதுக்கு காரணம் இதுதான். வாரிசு பேர் லிஸ்ட்டையும் சாட்சி, எழுதினவர் லிஸ்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, ஒரே ஆள் ரெண்டு பக்கமும் வரக்கூடாது, அவங்க வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ கூட வரக்கூடாது. 1953ஆம் வருஷத்து வில்ஸ் ஆக்ட்ல 4ஏ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, வில்லுக்கு சாட்சி போட்டவங்களும், வில்லையோ அதுல ஒரு பகுதியையோ தன் கையெழுத்துல எழுதினவங்களும், அவங்களோட கணவன் மனைவியும் அந்த வில் மூலம் எதுவும் வாங்க முடியாது. எக்ஸிக்யூட்டரா நியமிக்கிறது கூட அதுல பலன்தான். பேபி தன் கையால எழுதியிருக்காங்க, அவங்க வீட்டுக்காரர் சாட்சி போடறதா இருக்கார். ரெண்டு காரணத்தாலயும் அடி படறது பேபி பங்குதான். விதிவிலக்கு இருக்கு, ஏமாத்து வேலை இல்லன்னு கோர்ட் திருப்தி ஆனா குடுக்கலாம், வில் இல்லாம இருந்தா மகளுக்கு வந்திருக்கிற அளவுக்கு மட்டும் வாங்கிக்கலாம். ஆனா உங்க எஸ்டேட்ல முதல் 2,50,000 மனைவிக்குன்னு எடுத்தப்புறம் என்ன வரும்னு பார்த்தா, நீங்க குடுக்க நினைச்ச அளவுக்கு அது வராது. இன்னும் நீங்க கையெழுத்து போடல, அதனால எந்த நஷ்டமும் இல்ல. வாரிசு இல்லாத, வாரிசோட கணவன் மனைவியும் இல்லாத யாராவது ஒருத்தர் டைப் பண்ணட்டும்.

பங்கும் பேரும் ஒண்ணா சேர்த்து பார்க்கிறதுக்கு ஒரு பெரிய பேப்பர் எடுங்க. இடது பக்கம் கீழ் கீழா சொத்து, மேல வரிசையா ஆட்கள். ஒவ்வொரு கட்டத்துலயும் ராண்ட் எழுதுங்க. குறுக்கே கூட்டினா அந்த சொத்துல உங்க பாதி எவ்வளவோ அது வரணும், ஒரு ராண்ட் கூடவும் கூடாது குறையவும் கூடாது. இதை எல்லாரும் பண்ணுவாங்க. மேல இருந்து கீழ கூட்டறதைத்தான் யாரும் பண்றதில்ல, உங்க மனசுல இருக்கிறது பேப்பர்ல இருக்கான்னு காட்டறது அதுதான். உங்க டிராஃப்ட்டை முதல் அர்த்தத்துல வச்சு கூட்டினேன். பாபுவுக்கு 4,66,000, பேபிக்கு 3,66,000, சின்னவன் பொண்ணுங்களுக்கு ரொம்ப நல்ல படிப்புல 66,000, கோயிலுக்கு 50,000. மொத்தம் 9,48,000, உங்ககிட்ட இருக்கிறது 8 லட்சம். ஆனா என்னை உறுத்தினது அந்த 1,48,000 இல்ல ஐயா. சின்னவன் பிள்ளைங்க தவிக்கக் கூடாதுன்னு லெட்டர்ல எழுதின அதே கையால, வில்லில அவங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து கோயிலுக்கு குடுக்கிறதைவிட கொஞ்சம்தான் கூட வச்சிருக்கீங்க. வீட்டு பத்தில அவங்க பேரே இல்ல. அதே வில்ஸ் ஆக்ட்ல 2சி பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, உங்க பிள்ளைக்கு வில்லில பங்கு எழுதி அவர் உங்களுக்கு முன்னாடி போயிட்டா அந்த பங்கு அவர் பிள்ளைங்களுக்கு போகும், வில் வேற மாதிரி சொல்லாத வரைக்கும். ஆனா சின்னவனுக்கு வீட்டுல பங்கே எழுதாதப்போ போறதுக்கு ஒண்ணும் இல்ல. வேணும்னே விட்டீங்கன்னா அது உங்க உரிமை, ஆனா எனக்கு அப்படி தோணல.

நான் ஒரு பிரிப்பு போட்டு பார்த்தேன், இப்படித்தான் பண்ணணும்னு இல்ல, நீங்க சொன்னதை எல்லாம் கணக்குல நிக்க வைக்க முடியுதான்னு பார்க்கத்தான். பாபுவுக்கும் பேபிக்கும் நீங்க எழுதின மூணுல ஒண்ணும் காலும் நாலுக்கு மூணுங்கிற அளவு. அதை அப்படியே வச்சுக்கிட்டு, வீட்டுல உங்க பாதியை மட்டும் பாபுவுக்கு 40%, பேபிக்கு 30%, சின்னவன் பொண்ணுங்க ஒவ்வொருத்தருக்கும் 15%னு எழுதலாம். கூட்டினா நூறு. ராண்ட்ல 2,40,000, 1,80,000, அப்புறம் 90,000 வீதம் ரெண்டு. அதோட 'என் மனைவி உயிரோட இருக்கிற வரைக்கும் என் பாதியை அவங்க அனுபவிக்கலாம்'னு யூஸுஃப்ரக்ட் உரிமையை எழுதணும், அது பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ஆபீஸ்ல பதிவாகும். இப்போ உங்க டிராஃப்ட்ல அம்மா அந்த வீட்டிலயே இருக்கலாம்னு ஒரு வார்த்தை கிடையாது, பாபுவும் பேபியும் பங்குக்காரங்களா ஆனப்புறம் ஒருத்தருக்கு காசு தேவைப்பட்டா வீட்டை வித்துடலாம்னு பேச்சு வரும்.

ரொக்கத்துக்கு பேங்க் பணம்னு எழுதவே வேண்டாம். 'மேல சொன்ன வீட்டை தவிர எனக்கு இருக்கிற மத்த எல்லாம், கடனும் செலவும் போக மீதி'ன்னு எழுதி, அதை நாலு சம பங்கா பிரிச்சு, பாபுவுக்கு ஒண்ணு, பேபிக்கு ஒண்ணு, சின்னவன் பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு அதை அவங்க சரிபாதியா, கோயிலுக்கு ஒண்ணுன்னு போடுங்க. இன்னைக்கு செலவுக்கு முன்னாடி 2 லட்சத்துல அது ஒவ்வொண்ணும் 50,000, கோயிலுக்கு நீங்க நினைச்ச அதே தொகை. காரும், சாமானும், நாளைக்கு ரிட்டயர் ஆகி வர்ற பணமும் எல்லாம் இதுக்குள்ள வந்துடும், ஒரு சதவீதம் தொங்கிக்கிட்டு நிக்காது. கோயிலுக்கு 50,000னு முழு தொகையா எழுதி வச்சு, வயசான காலத்துல மருத்துவ செலவுக்கு பேங்க்ல இருக்கிறது கரைஞ்சு உங்க பங்கு 60,000க்கு வந்து நின்னுட்டா, கோயில் தொகை முதல்ல போய் பிள்ளைங்க எல்லாருக்கும் சேர்த்து 10,000தான் மிஞ்சும். பங்கா எழுதினா குறைஞ்சாலும் எல்லாருக்கும் ஒண்ணா குறையும். ரிட்டயர் பணம் பெருசா வந்து கோயிலுக்கு நாலுல ஒண்ணு அதிகமா தோணினா, 50,000க்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு வரம்பு போட்டு, மேல இருக்கிறது மத்த மூணு பங்குக்கும்னு எழுதிக்கலாம்.

இந்த பிரிப்பை மேல இருந்து கீழ கூட்டினா பாபுவுக்கு 2,90,000, பேபிக்கு 2,30,000, சின்னவன் பொண்ணுங்களுக்கு ஆளுக்கு 1,15,000 ரெண்டு பேருக்கும் சேர்த்து 2,30,000, கோயிலுக்கு 50,000. மொத்தம் 8 லட்சம். சரியா நிக்குது. இந்த ராண்ட் தொகை எல்லாம் பேப்பர்ல சரிபார்க்கத்தான், வில்லுக்குள்ள எழுதிடாதீங்க, வீட்டு விலை மாறிடும்.

ரெண்டு பொண்ணுங்களும் 18 ஆகாதவங்க, அதனால அவங்க பணத்தை ஒரு ட்ரஸ்ட்ல வச்சு 18 வயசோ, நீங்க சொல்ற வயசோ வரைக்கும் பார்த்துக்க ட்ரஸ்டி யாருன்னு வில்லிலயே எழுதணும், எழுதலன்னா பணம் மாஸ்டர் ஆபீஸோட கார்டியன்ஸ் ஃபண்டுக்கு போயிடும், ஸ்கூல் ஃபீஸுக்கு கூட ஒவ்வொரு தடவையும் அங்க அப்ளிகேஷன் போட்டுத்தான் எடுக்கணும்.

புதுசா டைப் பண்ணினதை எனக்கு அனுப்புங்க, மேரேஜ் சர்டிஃபிகேட், டைட்டில் டீட், எல்லாரோட ஐடி காப்பியும் சேர்த்து. நான் ஓகே சொன்னப்புறம் வாரிசு சம்பந்தம் இல்லாத ரெண்டு பேர், 14 வயசுக்கு மேல இருக்கணும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் சரி, மருமகனுக்கு பதிலா வேலை இடத்துல யாராவது ஒருத்தர், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உங்க முன்னாடி இருக்கும்போது கையெழுத்து போடுங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் நீங்க போடணும், கடைசி பக்கத்துல வில் முடியிற இடத்துலயே போடணும். கடைசி நேரத்துல ஒரு சதவீதமோ ஐடி நம்பரோ தப்புன்னு தெரிஞ்சா பேனாவால அடிச்சு திருத்தாதீங்க, திருத்தின இடத்துக்கும் நீங்களும் ரெண்டு சாட்சியும் கையெழுத்து போட்டாத்தான் செல்லும், அந்த பக்கத்தை மறுபடி பிரிண்ட் எடுக்கிறது சுலபம். அம்மாவுக்கு இருக்கிற பாதிக்கு உங்க வில் பேசாது, அவங்களும் தனியா ஒரு வில் எழுதணும், வரும்போது அவங்களையும் கூட்டிட்டு வாங்க.